விதானையாரும் வெபரும் 200 மீற்றரும்

அரச கந்தோர்களைப் பற்றி எங்கள் ஊரில் இரண்டு முறைப்பாடுகள் உண்டு. ஒன்று, "தெரிஞ்ச ஆள் இல்லாட்டி அங்க ஒண்டும் நடக்காது." மற்றது, "சும்மா சட்டம் சட்டம் எண்டு மனிசரை அலைய வைக்கிறானுகள்." காலையில் முதலாவதைச் சொன்ன அதே ஆள் பின்னேரம் இரண்டாவதைச் சொல்வதையும் கேட்டிருக்கிறோம். நாமும் சொல்லியிருக்கிறோம்.

கொஞ்சம் நின்று யோசித்தால் இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரானவை. முதலாவது, கந்தோரில் சட்டம் போதாது, ஆள் பார்த்து வேலை நடக்கிறது என்கிறது. இரண்டாவது, சட்டம் கூடிப்போய்விட்டது, ஆளைப் பார்க்கிறார்களே இல்லை என்கிறது. இரண்டும் உண்மையாக இருக்க முடியுமா? இருக்க முடியும். எந்த இடத்தில் எது உண்மை என்பதைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால், கந்தோருக்குப் போகும்போது எதைக் கேட்டுச் சண்டை பிடிப்பது என்பதும் தெரியும்.

இதைப் பற்றி நூறு வருடத்துக்கு முன்னரே யோசித்தவர் ஜேர்மனிய அறிஞர் மக்ஸ் வெபர். 1920இல் அவர் மறைந்த பிறகு, 1922இல் வெளிவந்த 'பொருளாதாரமும் சமூகமும்' என்ற பெரிய நூலில் அரச அலுவலகம் எப்படி இயங்குகிறது என்று எழுதியிருக்கிறார். அவர் சொன்னதன் சாரம் இதுதான். ஒவ்வொரு உத்தியோகத்தருக்கும் அதிகாரத்தின் எல்லை எழுத்தில் இருக்கும். அவருக்கு மேல் ஒருவர் இருப்பார், அவரிடம் மேன்முறையீடு செய்யலாம். எல்லாம் கோவையில் பதிவாகும். உத்தியோகத்தர் தகுதி பார்த்து எடுக்கப்பட்டு, சம்பளத்துக்கு வேலை செய்வார். கதிரை அவருடைய சொத்தல்ல. எல்லாவற்றிலும் முக்கியமாக, முன்னால் நிற்பவர் யார் என்று பார்த்துக் கோபமோ பாசமோ காட்டாமல், விதி என்ன சொல்கிறதோ அதைச் செய்வார்.

இது வறண்ட விடயமாகத் தெரியலாம். ஆனால் இதற்கு முன்னர் என்ன இருந்தது என்று எங்கள் மூத்தவர்களைக் கேளுங்கள். விதானையார் இருந்தார். ஊரில் காணியும் செல்வாக்கும் உள்ள குடும்பத்திலிருந்து வருவார். அவருடைய வீட்டு விறாந்தைதான் கந்தோர். அவர் நல்லவராக இருந்தால் ஊருக்கு நல்லது. உங்கள் குடும்பத்தோடு அவருக்கு வேலித் தகராறு இருந்தால், உங்களுக்கு ஒரு கடிதம் எடுப்பதும் பாடுதான். 1963இல் அந்தப் பதவியை ஒழித்து, கிராம சேவகர் என்ற பதவியை அரசாங்கம் கொண்டுவந்தது. இன்றைக்கு அவர் கிராம உத்தியோகத்தர். பரீட்சை எழுதி, நியமனம் பெற்று, இடமாற்றம் பெற்று வருகிறவர். வாய்ப்பழக்கத்தில் இன்னும் "விதானை" என்றே சொல்கிறோம். ஆனால் அந்தக் கதிரையின் குணம் மாறிவிட்டது. வெபர் சொன்ன மாற்றம் எங்கள் ஊருக்கு வந்த ஒரு வழி அது.

இந்த விதிமுறை நிர்வாகத்தின் நன்மையையும் தீமையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நாம் பார்த்தது 2004 டிசம்பர் 26க்குப் பிறகுதான். அம்பாறை மாவட்டத்தில் மாத்திரம் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. பாடசாலைகள் முகாம்களாயின. ஆசிரியர்களாகிய நாம் சோக்கட்டியை வைத்துவிட்டுப் பெயர்ப் பட்டியல் எழுதினோம், படிவம் நிரப்பினோம், கையெழுத்துப் போடத் தெரியாதவர்களுடைய பெருவிரலைப் பிடித்து மையில் வைத்தோம்.

முதலில் நன்மையைச் சொல்வோம்.

பாதிக்கப்பட்ட ஆட்களுக்கு வாராந்த நிவாரணம் வந்தது. ஆளுக்குக் கிழமைக்கு 375 ரூபா. அதில் 200 ரூபா காசு, 175 ரூபாவுக்கு உலர் உணவு. கைக்குழந்தைக்கும் அதுதான், கிழவருக்கும் அதுதான். கடை வைத்திருந்து இழந்தவருக்கும் அதுதான், அந்தக் கடையில் மூட்டை தூக்கியவருக்கும் அதுதான். இது கடுமையான விதி. ஒருவருடைய உண்மையான தேவை என்ன என்று இது பார்க்கவில்லை. நோயாளிக்குக் கூட்டிக் கொடுக்கவும் இல்லை.

ஆனால் அந்த நேரத்தில் அதைவிட நல்ல விதி இருந்திருக்க முடியாது என்றுதான் இன்றும் நினைக்கிறோம். காரணம், கேட்கப்பட்ட கேள்வி ஒன்றே ஒன்று: இந்தக் குடும்பத்தில் எத்தனை பேர்? அதற்கு விடை எண்ணிக்கை. எண்ணினால் முடிந்தது. பக்கத்து வீட்டுக்காரருக்கும் தெரியும், பள்ளிவாசலில் கேட்டாலும் தெரியும். பொய் சொன்னால் பட்டியலைப் பார்க்கிற எவரும் பிடித்துவிடலாம்.

இன்னொன்றையும் கவனித்தோம். ஊரில் பெரிய மனிதர் ஒருவர் பட்டியல் எழுதுமிடத்துக்கு வந்து, "நம்மட ஆக்கள் ரெண்டு குடும்பம், கொஞ்சம் பாத்துச் செய்ங்க தம்பி" என்றார். பட்டியலுக்குப் பொறுப்பாக இருந்தவர் வயதில் இளையவர், வெளியூர்ப் பிள்ளை. அவர் எழுந்து நின்று மரியாதையாகச் சொன்னார்: "ஹாஜியார், எனக்கு அதுக்கு அதிகாரமில்ல. ஆளை எண்ணி எழுதத்தான் சொல்லியிருக்கு." பெரியவர் முகம் சுருங்கினாலும் ஒன்றும் பேசாமல் போனார். அந்தப் பிள்ளையிடம் "உங்களுக்குத் தெரிந்த மாதிரி, தேவை பார்த்துக் கொடுங்கள்" என்று அரசாங்கம் சொல்லியிருந்தால், அவரால் அந்த ஹாஜியாரிடம் இல்லை என்று சொல்லியிருக்க முடியுமா? கடுமையான விதி ஏழையை மட்டும் பாதுகாக்கவில்லை. பலமில்லாத உத்தியோகத்தரையும் பாதுகாத்தது.

கோவையின் அருமையும் அப்போதுதான் விளங்கியது. வீட்டோடு அலுமாரியும், அலுமாரியோடு பிறப்புச் சான்றிதழும் கடலில் போனது. ஆனால் பதிவாளர் கந்தோரில் பெயர் இருந்தது. எழுதி வைத்த ஆள் எப்போதோ ஓய்வுபெற்றுப் போயிருப்பார். அவர் எழுதிய வரி இருந்தது. நடமாடும் சேவை வைத்துப் பிரதி கொடுத்தார்கள். "இவன் என்ட மகன்" என்று ஒரு தாய் சாட்சி தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. கந்தோர் ஆளை நம்பாமல் எழுத்தை நம்புவதில் இப்படியும் ஒரு இரக்கம் இருக்கிறது.

இனித் தீமைக்கு வருவோம்.

2005இன் தொடக்கத்தில் கரையோரத்துக்கு ஒரு விதி வந்தது. தெற்கிலும் மேற்கிலும் கடலிலிருந்து 100 மீற்றருக்குள்ளும், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றருக்குள்ளும் வீடு கட்டக்கூடாது. நோக்கம் நல்லது. இன்னொரு தடவை அலை வந்தால் ஆட்கள் சாகக்கூடாது. இதற்குப் பக்கத்தில் இன்னொரு விதியும் இருந்தது. அந்த எல்லைக்கு வெளியே வீடு 40 வீதத்துக்கு மேல் சேதமென்றால் முழுச் சேதம், 250,000 ரூபா பகுதி பகுதியாகக் கிடைக்கும். அதற்குக் கீழே என்றால் பகுதிச் சேதம், 100,000 ரூபா. எல்லைக்கு உள்ளே இருந்தவர்களுக்கு அந்தக் காசு இல்லை. அவர்களுக்கு வேறிடத்தில் வீடு கட்டித் தரப்படும்.

எங்கள் கரையோரத்தைத் தெரிந்தவர்களுக்கு 200 மீற்றர் என்றால் என்னவென்று சொல்லத் தேவையில்லை. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வயல். இரண்டுக்கும் நடுவில், பெரிய தெருவை ஒட்டி, வீட்டோடு வீடு சுவர் முட்டிக்கொண்டு நிற்கிற ஊர்கள். அங்கே 200 மீற்றரை வெட்டினால் ஊரில் ஒரு பெரிய பங்கு போகும். போகிறவர்களைக் கொண்டுபோய்க் குடியேற்ற அரச காணி கிடையாது. இருப்பது வயல். வயலை நிரப்ப வேண்டுமென்றால் அதற்கு வேறொரு திணைக்களத்தின் அனுமதி வேண்டும், ஏனென்றால் நெற்காணியைப் பாதுகாக்கவும் ஒரு சட்டம் இருக்கிறது. அதுவும் நல்ல சட்டம்தான். ஒரு விதி ஆளைக் கடலிலிருந்து எழுப்பியது, இன்னொரு விதி அவரை வயலில் இருக்க விடவில்லை. இரண்டு கந்தோரும் தங்கள் விதியைச் சரியாகத்தான் செய்தன.

இரண்டு வீடுகளை எடுத்துக்கொள்வோம். இரண்டும் கடற்றொழிலாளர்களுடையவை, பெயர் வேண்டாம். ஒன்று 190 மீற்றரில், கொஞ்சம் மேடான மண்ணில். மற்றது 210 மீற்றரில், பள்ளத்தில். அலை வந்தபோது பள்ளத்து வீட்டில்தான் தண்ணீர் கூடுதலாக நின்றது. இரண்டும் அத்திவாரத்தோடு போய்விட்டன. அளவுநாடா வந்தது. 210 மீற்றர்க்காரர் எல்லைக்கு வெளியே. காணி உறுதி இருந்தது, வீடு முழுச் சேதம். முதல் தவணைக் காசு வந்ததும் அத்திவாரம் போட்டார், சுவர் எழுந்ததைக் காட்டி அடுத்த தவணை எடுத்தார். 190 மீற்றர்க்காரர் உள்ளே. அவருக்குத் தன்னுடைய காணியில் ஒரு கல் வைக்க அனுமதியில்லை. வாக்களித்த வீட்டுக்குக் காணி தேடுகிறார்கள் என்று சொல்லப்பட்டது. அவர் தற்காலிகக் கொட்டிலில் தகரத்துக்குக் கீழே பிள்ளைகளோடு இருந்தார். கடலுக்குப் போகிறவர் தோணியையும் வலையையும் பார்க்கத் தூரத்திலிருந்து நடந்து வந்தார்.

விதி கேட்க வேண்டிய கேள்வி, "இந்த இடம் ஆபத்தானதா?" என்பது. ஆனால் அது கேட்ட கேள்வி, "இந்த இடம் எத்தனை மீற்றர்?" என்பது. ஆபத்தை அளப்பது கஷ்டம். தரை எவ்வளவு உயரம், முன்னால் மணல்மேடு இருக்கிறதா, ஓடிப்போக வழி இருக்கிறதா, எல்லாம் பார்க்க வேண்டும். மீற்றரை அளப்பது சுகம். ஆகவே ஆபத்துக்குப் பதிலாக மீற்றரை வைத்தார்கள். அந்தக் கணத்திலிருந்து கந்தோர் ஆபத்தை மறந்து மீற்றரைக் காவல்காக்கத் தொடங்கியது. பள்ளத்திலே இருந்தவர் தைரியமாகக் கட்டினார், மேட்டிலே இருந்தவர் தடுக்கப்பட்டார்.

இதில் மனிதரை இன்னும் நோகடித்தது வேறொன்று. அதே கரையில் சுற்றுலா விடுதிகளுக்கு விலக்கு இருந்தது. கடுமையான விதிக்கு இருக்கும் ஒரே பெருமை அது எல்லோருக்கும் ஒன்று என்பதுதான். பணமுள்ளவனுக்கு ஒரு கதவைத் திறந்துவிட்டால், அந்தப் பெருமையும் போய்விடும், கடுமை மட்டும் மிஞ்சும். ஒரு வருடமளவில் அரசாங்கமே 200 மீற்றரில் நிற்க முடியாமல் அதைத் தளர்த்தியது. அதற்குள் கொட்டில் வாழ்க்கை ஒரு வருடம் நீண்டுவிட்டது.

இங்கே ஒரு கேள்வி வரும். கந்தோரில் இருந்தவர்களும் எங்கள் ஊர் மனிதர்கள்தானே, அவர்களுக்குக் கண் தெரியவில்லையா? தெரிந்தது. பலர் மனதுக்குள் அழுதார்கள். ஆனாலும் செய்ய முடியவில்லை. ஏன் என்பதை அமெரிக்க சமூகவியலாளர் ரொபர்ட் மேர்ட்டன் 1940இல் எழுதிய ஒரு கட்டுரையில் விளக்குகிறார். விதி ஒரு நோக்கத்துக்கான வழியாகத்தான் தொடங்குகிறது. விதியைப் பிசகாமல் செய்கிறவருக்குத்தான் பதவி உயர்வும் பாதுகாப்பும் என்றானதும், உத்தியோகத்தர் மனதில் வழியே நோக்கமாகிவிடுகிறது.

அவர் காட்டும் உதாரணம் சுவையானது. பேர்ண்ட் பல்சென் என்ற நோர்வே நாட்டு விமானி, 1929இல் அமெரிக்கரான அட்மிரல் பேர்டைத் தென்துருவத்துக்கு மேலாகப் பறக்க வைத்தவர். அமெரிக்கக் குடியுரிமைக்கு விண்ணப்பித்தார். ஐந்து வருடம் தொடர்ச்சியாக அமெரிக்காவில் வசித்திருக்க வேண்டும் என்பது விதி. கந்தோர் கணக்குப் பார்த்தது. இவர் இடையில் நாட்டைவிட்டுப் போயிருக்கிறார், ஆகவே தகுதியில்லை! போனது அமெரிக்கக் குழுவோடு, அமெரிக்கக் கப்பலில், 'லிட்டில் அமெரிக்கா' என்று பெயர் வைத்த முகாமுக்கு. அந்த விதி, நாட்டோடு ஒட்டு இல்லாதவர்களைத் தடுக்க வந்தது. அது தடுத்ததோ அந்த நாட்டுக்காக உயிரைப் பணயம் வைத்தவரை. கடைசியில் அவருக்கென்றே காங்கிரஸ் விசேட சட்டம் ஒன்று இயற்ற வேண்டிவந்தது.

எங்கள் நாட்டுக் கந்தோர்களுக்கு இதோடு இன்னொரு காரணத்தையும் சேர்க்க வேண்டும். அது கணக்காய்வு. தகுதியில்லாத ஒருவருக்கு 50,000 ரூபா கொடுத்துவிட்டால், கணக்காய்வு வினா வரும். எழுத்தில் விளக்கம் கொடுக்க வேண்டும், சிலவேளை கையிலிருந்து கட்டவும் வேண்டும். தகுதியுள்ள ஒருவருக்குக் கொடுக்காமல் விட்டால்? எந்தக் கணக்காய்வாளரும் கேட்க மாட்டார். அந்தத் தாள் கோவையில் இல்லவே இல்லை, கேட்பதற்கு. ஒரு பக்கப் பிழைக்குத் தண்டனை, மறுபக்கப் பிழைக்கு ஒன்றுமில்லை என்றால், எந்த மனிதரும் "இல்லை" என்ற பக்கம்தான் சாய்வார். கருமபீடத்துக்கு அந்தப் பக்கம் நாம் இருந்தாலும் அப்படித்தான் சாய்ந்திருப்போம்.

அப்படியானால் வழி என்ன? உத்தியோகத்தர் இரக்கப்பட்டு விதியை மீறட்டும் என்று சொல்ல நமக்கு வாய் வரவில்லை. இரக்கத்தின் கதவு திறந்தால் முதலில் உள்ளே போவது அந்த ஹாஜியாருடைய ஆட்கள்தான், 190 மீற்றர்க்காரர் அல்ல.

சரியான வழிக்கும் சுனாமியிலேயே உதாரணம் இருக்கிறது. எத்தனையோ பேருடைய ஜனாஸா கிடைக்கவில்லை. உடல் இல்லையென்றால் மரணப் பதிவு இல்லை. மரணச் சான்றிதழ் இல்லையென்றால் கணவனுடைய வங்கிக் காசு, சேமலாப நிதி, விதவை ஓய்வூதியம் ஒன்றும் மனைவிக்குக் கிடைக்காது. ஏழு வருடம் ஒருவரைப் பற்றி எந்தச் செய்தியும் இல்லையென்றால்தான் அவர் இறந்ததாகக் கொள்ளலாம் என்பது பழைய சாட்சியச் சட்டத்தின் கணக்கு. அதற்கும் காரணம் உண்டு. வெளிநாடு போனவரை, கோபித்துக்கொண்டு போனவரை, இறந்ததாக எழுதிச் சொத்தைப் பிரித்துவிடக் கூடாது. ஆனால் அலை அடித்துப்போன ஒருவருடைய மனைவியிடம் ஏழு வருடம் பொறு என்பது என்ன நியாயம்?

ஒவ்வொரு பதிவாளரும் தன் மனம்போல முடிவெடுக்க விடவில்லை. 2005இல் பாராளுமன்றம் விசேட சட்டம் இயற்றி, அந்த அலையில் காணாமற்போனவர்களுடைய மரணத்தைப் பதிவதற்கென்று தனியான ஒரு வழியை வைத்தது. விதிவிலக்கையே எழுதி ஒரு விதியாக்கினார்கள். ஆகவே பதிவாளருக்கும் பயமில்லை, தெரிந்த ஆள் இல்லாத ராத்தாவுக்கும் அதே கதவு. 200 மீற்றர் விதியில் இல்லாமல் போனது இதுதான். மேட்டு நிலத்தைப் பார்த்து, காரணம் எழுதி, கையெழுத்து வைத்து, "இது விலக்கு" என்று சொல்ல எந்த மட்டத்திலும் ஒருவருக்கு அதிகாரம் எழுதிக் கொடுக்கப்படவில்லை.

ஆகவே அடுத்த முறை கந்தோரில் "அது சட்டத்தில இல்ல" என்ற பதில் கிடைத்தால், அந்த விதி எந்த வகை என்று முதலில் பார்ப்போம். ஆட்களின் எண்ணிக்கை, வயது, வரிசை போல எண்ணி முடிக்கிற காரியமென்றால் விதி கடுமையாக இருப்பதுதான் நமக்கு நல்லது. அங்கே "கொஞ்சம் பாத்துச் செய்ங்க" என்று கேட்கிறவர் நாமாக இருக்கக் கூடாது. நாம் ஒருவருக்காகக் கேட்டு வாங்கும்போது, வரிசையில் நிற்கிற யாரோ ஒருவருடையது போகிறது. அப்படியல்லாமல், மீற்றர், வீதம், ஒரு தாள் என்று ஏதோ ஒன்று உண்மையான தேவைக்குப் பதிலாக நிற்கிறதென்றால், அங்கேதான் பேச வேண்டும்.

எப்படிப் பேசுவது? கருமபீடத்தில் இருக்கிற பிள்ளையோடு சண்டை பிடித்துப் பயனில்லை, அவரிடம் அதிகாரம் இல்லை. மூன்று விடயங்களைக் கேட்கலாம். எந்தச் சுற்றறிக்கை, எந்தப் பிரிவு? இதற்கு விலக்களிக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது? மறுத்ததற்கான காரணத்தை எழுத்தில் தர முடியுமா? மூன்றாவது, தயவு கேட்பதல்ல. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 35ஆம் பிரிவின்படி, ஒரு தீர்மானத்தால் பாதிக்கப்பட்டவர் கேட்டால், அதை எடுத்த உத்தியோகத்தர் காரணம் சொல்லியே ஆக வேண்டும்.

காரணம் எழுத்தில் வந்தால் இரண்டு காரியம் நடக்கும். காரணம் நியாயமென்றால் நாம் அலைவதை நிறுத்தலாம். நியாயமில்லையென்றால், அந்தத் தாளை வைத்துக்கொண்டு மேலே உள்ளவரிடம் போகலாம். அதோடு, கொடுக்காமல் விட்டதற்கும் இப்போது கோவையில் ஒரு தாள் இருக்கிறது. இதுவரை எந்தக் கணக்காய்விலும் தெரியாமல் போன அந்த மறுபக்கப் பிழை, முதன்முறையாகப் பதிவாகிறது.

படிவம் நிரப்பவோ, கடிதம் எழுதவோ உதவி தேவையானவர்கள் பாடசாலை விட்ட பிறகு வாருங்கள். பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டைப் பிரதியோடு, உங்களுக்குத் தந்த மறுப்புக் கடிதம் இருந்தால் அதையும் எடுத்து வாருங்கள். மறுப்புக் கடிதம் இல்லையென்றால், அதைக் கேட்டு எழுதுகிற கடிதத்திலிருந்தே தொடங்குவோம்.